நாற்காலியில் அமர்ந்தபடி தசைவலுப் பயிற்சி: நலிந்த முதியோர் குழுவில் எடையை அவரவர்க்கு அளந்து கொடுக்கும் முறை

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கோயில் மண்டபம் ஒன்றில் வாரம் இரண்டு நாள் முதியோருக்கு நாற்காலிப் பயிற்சி நடத்தத் தொடங்கியபோது, முதல் மாதம் முழுவதும் நான் ஒரே தவற்றைச் செய்துகொண்டிருந்தேன். முன்னால் நின்று "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று பத்துவரை உரக்க எண்ணினேன். பன்னிரண்டு பேரும் என் எண்ணிக்கைக்கு ஏற்பக் காலைத் தூக்கி இறக்கினார்கள். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் 68 வயதில் இன்னும் வீட்டுத் தோட்டத்தில் மரவள்ளி நடும் ஒருவருக்கு அந்தப் பத்துத் தடவை எதுவுமே இல்லை. 81 வயதுப் பாட்டி ஒருவருக்கோ ஆறாவது தடவையிலேயே தொடை நடுங்கிவிட்டது. அவர் நிறுத்தவில்லை. தோட்டத்தில் நிரைபிடித்துப் பால்மரம் வெட்டியவர்களுக்குப் பக்கத்து நிரைக்காரரைவிடப் பின்தங்குவது என்பது எழுபது வயதுக்குப் பிறகும் மானப் பிரச்சினைதான்.

குழுவாகச் செய்யும் தசைவலுப் பயிற்சியின் சிக்கல் முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது. தசை வலுப்பெற வேண்டுமானால் அதற்குப் பழக்கமில்லாத அளவு சுமை அதன்மேல் விழ வேண்டும். அந்த அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரே ஆளுக்கும் வாரத்துக்கு வாரம் வேறுபடும். பன்னிரண்டு பேரை ஒன்றாக அமரவைத்து, ஒரே நேரத்தில் ஒரே அசைவைச் செய்யவைத்து, சுமையை மட்டும் தனித்தனியாக அளந்து கொடுப்பது எப்படி என்பதையே இந்த வழிகாட்டி படிப்படியாகச் சொல்கிறது.

சுமை ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சான்று போதும். 1990இல் அமெரிக்க மருத்துவர் மரியா ஃபியட்டரோனும் அவருடைய குழுவினரும் பாஸ்டனில் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வாழ்ந்த, ஏறத்தாழ 90 வயதுடைய 10 பேருக்கு எட்டு வாரம் தொடைத் தசைப் பயிற்சி கொடுத்தார்கள். ஒருவரால் அதிகபட்சம் எவ்வளவு தூக்க முடியுமோ அதில் 80 விழுக்காடு வரை சுமையை உயர்த்தினார்கள். முடித்தவர்களின் தொடை வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. அது கருவிகளைக் கொண்டு, மருத்துவக் கண்காணிப்பில், ஆளுக்கு ஆள் தனியாக நடந்த பயிற்சி என்பதை மறந்துவிடக்கூடாது. மண்டபத்தில் அந்த எண்ணை நான் எதிர்பார்ப்பதில்லை. எனினும், அரைக் கிலோ எடையை ஆறு மாதம் மாற்றாமல் தூக்கவைத்துவிட்டு "வயசாயிடுச்சு, இனிமே இவ்வளவுதான்" என்று நாம் சொன்னால், குறை வயதில் இல்லை என்பதை அந்த ஆய்வு காட்டுகிறது.

வாசலில் முடிய வேண்டிய வேலை

புதிதாக வருகிறவர், தாம் எந்தக் கிளினிக்கில் மாதாந்திர மருந்து எடுக்கிறாரோ அங்கே கேட்டு, இத்தகைய பயிற்சிக்குத் தடையில்லை என்று தெரிந்துகொண்ட பிறகே சேர வேண்டும். இதய வால்வு இறுக்கம், அண்மையில் வந்த நெஞ்சுவலி, ஆறாத எலும்பு முறிவு, இனிப்பு நீரால் கண்ணின் விழித்திரையில் ஏற்பட்ட இரத்தக் கசிவு, பெரிய குடலிறக்கம் ஆகியவை உள்ளவர்களை மருத்துவரின் சொல் இல்லாமல் எடை தூக்கவைக்கக்கூடாது. முதுகெலும்பு நொறுங்கியவர்களுக்கு எடையுடன் முன்குனிவதும் இடுப்பைத் திருகுவதும் கூடாது.

அது ஒருமுறை செய்யும் வேலை. ஒவ்வொரு வகுப்பன்றும் செய்ய வேண்டியது வேறு. எங்கள் மண்டபத்தில் அதைப் "பெரட்டு" என்றே அழைக்கிறார்கள். தோட்டத்துக் காலை நேரப் பெயர்க் கணக்கெடுப்பின் பெயர் இங்கே ஒட்டிக்கொண்டது. வாசலில் மேசை போட்டு, வருகிறவர் பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகு இரத்த அழுத்தம் பார்க்கிறோம். மேல் எண் 180ஐயோ கீழ் எண் 100ஐயோ தாண்டினால் அன்று பயிற்சி இல்லை. உட்கார்ந்து பார்க்கலாம், பிறகு கிளினிக்குக்குப் போக வேண்டும். அதோடு நான்கு கேள்விகள்: போன வகுப்புக்குப் பிறகு விழுந்தீர்களா, நெஞ்சுவலியோ தலைசுற்றலோ வந்ததா, மருந்து மாற்றினார்களா, காலையில் என்ன சாப்பிட்டீர்கள்.

கடைசிக் கேள்வியை "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கக்கூடாது என்பதைச் சிரமப்பட்டுக் கற்றுக்கொண்டேன். கந்த சஷ்டி விரதத்தின் இரண்டாம் நாள், வழக்கமாக வரும் தாத்தா ஒருவர் "ஆச்சு, ஆச்சு" என்று சொல்லிவிட்டு வந்து அமர்ந்தார். இனிப்பு நீர் மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றில் வந்திருக்கிறார். இருபதாவது நிமிடத்தில் அவருடைய சட்டைக் காலர் நனைந்திருந்தது; மின்விசிறிக்கு நேர்கீழே அமர்ந்திருந்தவருக்கு மட்டும் அப்படி வியர்க்கக் காரணமில்லை. பேர் கேட்டால் வேறு ஏதோ சொன்னார். அளந்து பார்த்தபோது இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 3.4 மில்லிமோல். மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி அளந்து, ஏறிய பிறகு ரொட்டி கொடுத்தோம். இப்போது இன்சுலின் போடுகிறவர்களையும், சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரை எடுப்பவர்களையும் தனியாகக் குறித்துவைத்திருக்கிறோம். அவர்களுக்கு 5க்குக் கீழ் இருந்தால் ஏதாவது சாப்பிட்ட பிறகே பயிற்சி, 4க்குக் கீழ் என்றால் அன்று பயிற்சியே கிடையாது. இதயத் துடிப்பைக் குறைக்கும் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை இறங்கும்போது படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம்; வியர்வை மட்டும் மறையாது. எனவே வியர்வையைப் பாருங்கள்.

நாற்காலியும் அமரும் ஒழுங்கும்

கோயில் மண்டபங்களில் அடுக்கிவைத்திருக்கும் வெள்ளை நெகிழி நாற்காலியை இந்தப் பயிற்சிக்குப் பயன்படுத்தாதீர்கள். ஓட்டுத் தரையில் அதன் கால்கள் அகன்று வழுக்கும். ஒருவர் விளிம்புக்கு நகர்ந்து எழும்போது அது பின்னால் ஓடும். இரும்புச் சட்டமோ கனத்த மரமோ கொண்ட, சக்கரமில்லாத, இருக்கை தரையிலிருந்து 43 முதல் 46 சென்டிமீட்டர் உயரமுள்ள நாற்காலிகள் வேண்டும். மிக நலிந்தவர்களுக்குக் கைப்பிடி உள்ளதாக இருக்கட்டும். எழுந்து அமரும் பயிற்சியின்போது நாற்காலியின் முதுகு சுவரைத் தொட்டிருக்க வேண்டும். எங்கள் மண்டபத்தின் மூன்று சுவர்களையும் ஒட்டி நாற்காலிகளைப் போட்டுவிடுவதால் அரைவட்டமும் தானாக அமைந்துவிடுகிறது, நடுவில் நிற்கும் எனக்கு எல்லார் முகமும் தெரிகிறது. இரண்டு கைகளையும் விரித்தால் பக்கத்தவர்மேல் படாத இடைவெளி போதும்.

ஒருவர் நடத்த, இன்னொருவர் நடமாடிக் கவனிக்க, பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். உதவியாளர் பயிற்சி பெற்றவராக இருக்கத் தேவையில்லை; எங்கள் உதவியாளர் பள்ளி வேன் ஓட்டுநர். அவருக்கு நான் கற்றுக்கொடுத்தது, பார்க்க வேண்டியது காலை அல்ல, முகத்தை என்பது மட்டுமே.

காலணி பற்றி ஒரு சொல். ஜப்பான் சிலிப்பரோடு எழுந்து நிற்கக்கூடாது. கட்டும் காலணி இல்லாதவர் வெறுங்காலோடு இருக்கட்டும். காலுறை மட்டும் அணிந்து ஓட்டுத் தரையில் நிற்பது எல்லாவற்றையும்விட மோசம். இனிப்பு நீரால் பாதம் மரத்தவர்களுக்கு வெறுங்கால் ஆகாது. அவர்களிடம் காலணி கொண்டுவரச் சொல்லிவிடுங்கள்.

எண்ணிக்கைக்குப் பதிலாக நேரம்

நான் எண்ணுவதை நிறுத்திவிட்டு இப்போது செய்வது இது: ஒவ்வோர் அசைவுக்கும் ஒன்றேகால் நிமிடம் ஒதுக்குகிறேன். தொடக்கத்தில் சிறு கைமணியை ஒருமுறை அடிக்கிறேன், முடிவில் ஒருமுறை. அந்த இடைவெளியில் அவரவர் தம் கணக்கை வாய்விட்டு எண்ணிக்கொள்ள வேண்டும். இரண்டு எண்ணும் நேரத்தில் தூக்கி, ஒரு எண்ணும் நேரம் நிறுத்தி, மூன்று எண்ணும் நேரத்தில் இறக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஏறக்குறைய ஆறு விநாடி ஆகும் என்பதால், ஒன்றேகால் நிமிடத்தில் யாரும் பன்னிரண்டுக்கு மேல் போக முடியாது. போனால் அவர் அவசரப்படுகிறார் என்று பொருள். ஆறோடு முடிந்தவர் ஆறோடு நிறுத்திக் கைகளை மடியில் வைத்துக்கொள்ளலாம். மண்டபம் முழுவதும் வெவ்வேறு எண்கள் ஒலிப்பதால் யார் எதில் நிறுத்தினார் என்று யாருக்கும் தெரியாது. மானப் பிரச்சினையும் தீர்ந்தது.

வாய்விட்டு எண்ணுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பேசிக்கொண்டிருப்பவரால் மூச்சைப் பிடிக்க முடியாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு சுமையைத் தள்ளும்போது இரத்த அழுத்தம் சட்டென ஏறி, விட்டவுடன் இறங்கும். முதியவர் தலைசுற்றி விழுவது பெரும்பாலும் அந்த இறக்கத்தில்தான். யாருடைய குரல் நின்றுவிட்டதோ அவரிடம் உதவியாளர் போய் நின்று பேச்சுக் கொடுப்பார்.

சரியான எடையைக் கண்டுபிடிப்பது

முதல் இரண்டு வாரம் எடை அசைவைக் கற்பதற்காக மட்டுமே. அதன் பிறகு தேடல் தொடங்குகிறது. ஊகித்த ஓர் எடையைக் கொடுத்து எட்டுத் தடவை தூக்கச் சொல்லுங்கள். சும்மா உட்கார்ந்திருப்பது 0, இனி ஒருமுறைகூட முடியாது என்பது 10 என்று வைத்துக்கொண்டால், எட்டாவதில் 5 அல்லது 6 இருக்க வேண்டும். அதாவது "இன்னும் ரெண்டு மூணு தடவை முடியும், அதுக்கு மேல வேணாம்" என்ற நிலை.

நம் முதியவர்களிடம் எண் கேட்டால் பதில் வராது. "பரவால்ல மிஸ்ஸி" என்பதே எல்லாவற்றுக்கும் விடை. எடை இலேசு என்றாலும் பரவாயில்லை, கால் உடைந்தாலும் பரவாயில்லை. ஆகவே சொல்லை நம்பாமல் வேகத்தை நம்புகிறேன். முதல் தடவைக்கும் எட்டாவது தடவைக்கும் தூக்கும் வேகத்தில் வேறுபாடே இல்லையென்றால் எடை போதவில்லை. கடைசி இரண்டு தடவை கொஞ்சம் மெதுவாகி, ஆனால் அசைவின் வடிவம் கெடாமல் இருந்தால் அதுதான் சரியான எடை. உடம்பைப் பின்னால் சாய்த்து உந்துவது, நாற்காலி விளிம்பைக் கைவிரல்கள் வெளுக்கப் பிடிப்பது, காலை இறக்காமல் தொப்பென்று போடுவது ஆகிய மூன்றில் ஒன்று தெரிந்தாலும் எடை மிகுந்துவிட்டது.

கணுக்கால் எடைப் பட்டைகளை அரைக் கிலோவில் தொடங்கி, அரை அரைக் கிலோவாகக் கூட்டக்கூடிய வகையில் வாங்குங்கள். கைக்கு எடை வாங்கத் தேவையில்லை; 500 மில்லி தண்ணீர்ப் போத்தல் அரைக் கிலோ. வீட்டில் மணல் பை தைக்கிறவர்கள் இரட்டைத் துணியில் தைத்துத் தராசில் நிறுத்து, எண்ணைத் துணிமேலேயே எழுதிவிட வேண்டும். நிறுக்காத பையால் எதையும் கணக்கிட முடியாது.

எடையைக் கூட்டும் விதி எளிது: ஒருவர் அடுத்தடுத்த இரண்டு வகுப்புகளில், இரண்டு சுற்றிலும் வேகம் குறையாமல் பன்னிரண்டைத் தொட்டால் அரைக் கிலோ கூட்டலாம். ஆனால் ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக்குப் போவது பாதிப்பங்கு உயர்வு என்பதால், அன்று அவர் எட்டோடு நிறுத்திக்கொண்டு மறுபடி படிப்படியாகப் பன்னிரண்டுக்கு ஏற வேண்டும்.

பயிற்சியின் வரிசை

மொத்தம் 45 நிமிடம். முதல் எட்டு நிமிடம் எடை இல்லாமல் அமர்ந்தபடி நடப்பது, தோள் சுழற்றுவது, கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூட்டுகள் இளகி, உடம்பு சற்றுச் சூடாக வேண்டும், அவ்வளவே.

அடுத்து உடனே எழுந்து அமரும் பயிற்சி. பல வகுப்புகளில் இதைக் கடைசியில் வைக்கிறார்கள். அது தவறு என்பது என் உறுதியான கருத்து. தொடைத் தசையை எடையால் களைப்பாக்கிவிட்டு அதன் பிறகு எழச் சொன்னால், முழங்கால் மடங்கிவிடும். தசை புதிதாக இருக்கும்போதே எழ வேண்டும்.

செய்யும் முறை இதுதான். இருக்கையின் முன்பாதிக்கு நகர வேண்டும். குதிகால்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, இடுப்பளவு இடைவெளியில் வைக்க வேண்டும். மூக்கு கால்விரல்களுக்கு நேர்மேலே வரும் வரை இடுப்பிலிருந்து முன்சாய்ந்து, எண்ணிக்கொண்டே எழ வேண்டும். எழ முடியாதவர்களில் பெரும்பாலோர் வலு இல்லாமல் தவிப்பதில்லை. முன்சாயப் பயந்து, நிமிர்ந்தபடியே எழப் பார்த்துப் பின்னால் விழுகிறார்கள். உதவியாளர் பக்கவாட்டில் நிற்கட்டும். முன்னால் நின்று கையைப் பிடித்து இழுத்தால் அவர் சாயவே கற்றுக்கொள்ள மாட்டார். எழுந்த பிறகு இரண்டு மூச்சு நின்று, நான்கு எண்ணும் நேரத்தில் மெல்ல அமர வேண்டும். இறங்கும் பாதிதான் தசைக்கு நல்ல வேலை. தொப்பென அமர்ந்தால் அந்தப் பாதி வீணாவதோடு முதுகெலும்பும் அதிர்கிறது.

இந்தப் பயிற்சியில் சுமை என்பது அவரவர் உடலே. அதைக் குறைக்க ஒரே வழி இருக்கையை உயர்த்துவது. கெட்டியான பஞ்சணையைத் துணியால் நாற்காலியோடு இறுகக் கட்டி, ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உயர்த்தினால், கையூன்றாமல் எழவே முடியாதவர் பலர் எழுந்துவிடுவார்கள். நாற்காலிக் கால்களுக்கு அடியில் செங்கல் வைப்பதை நினைத்தும் பார்க்காதீர்கள். பஞ்சணையோடும் முடியாதவர் கைப்பிடியை ஊன்றிக்கொள்ளட்டும். வாரங்கள் செல்லச் செல்ல இரண்டு கைக்குப் பதில் ஒரு கை, பிறகு விரல் நுனி என்று குறைக்கலாம். இரண்டு சுற்று, இடையில் இரண்டு நிமிட ஓய்வு.

அதன் பிறகு கால்களுக்கு ஓய்வாகக் கைப் பயிற்சி. இங்குதான் இழுத்தால் நீளும் ரப்பர்ப் பட்டையாகிய மீள்பட்டை வருகிறது. ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பட்டையை அக்குளுக்குக் கீழே முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து, இரு முனைகளையும் பிடித்து, கைகளை மார்புக்கு நேராக முன்னே தள்ளி, மெல்ல மடக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் கையை உயர்த்திப் பால் வெட்டிய தோள்களில் தசைநாண் தேய்ந்திருப்பதால், தோளுக்கு மேல் போகும் எந்த அசைவையும் நான் கொடுப்பதில்லை. இரண்டாவதாக, முழங்கைகளை விலாவோடு ஒட்டிவைத்து, பட்டையை வயிற்றுக்கு முன்னால் பிடித்து, இரு கைகளையும் வெளிப்புறம் விரிக்க வேண்டும். பட்டையைப் பாதத்தில் மாட்டி இழுக்கும் பயிற்சிகளைக் குழுவில் தவிர்க்கிறேன். பாதத்திலிருந்து வழுவிய பட்டை நேராகக் கண்ணுக்குத்தான் வரும்.

பட்டையைக் கையில் இறுகச் சுற்றினால் விரல் மூட்டுவாதம் உள்ளவர்களுக்கு வலிக்கும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்குத் தோல் கருத்துப்போகும். முனையில் தளர்வாக ஒரு வளையம் முடிந்து கொடுத்துவிட்டால் போதும். நிறத்தைக் கண்டு எடையை முடிவு செய்யாதீர்கள். ஒரு நிறுவனத்தின் மஞ்சளும் இன்னொன்றின் மஞ்சளும் ஒன்றல்ல. பெட்டியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். பிடிக்கும் இடத்தை உள்ளே நகர்த்திப் பட்டையைக் குட்டையாக்கினாலே சுமை கூடும் என்பதால், நிறம் மாற்றும் முன் அதைச் செய்து பார்க்கலாம்.

பட்டையைப் பார்த்ததும் எங்கள் குழுவில் ஒரு பாட்டி "நாங்க வெட்டுன பாலு, எங்களையே இழுக்குது" என்றார். இயற்கை ரப்பரின் குணம் அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்: வெயில் பட்டால் பிசுபிசுக்கும், பிறகு வெடிக்கும். வகுப்புக்கு முன் ஒவ்வொரு பட்டையையும் சன்னல் வெளிச்சத்தில் இலேசாக இழுத்துப் பிடித்துப் பாருங்கள். ஊசித்துளை அளவு வெளிச்சம் தெரிந்தாலோ, ஓரத்தில் நகக்கீறல் அளவு வெட்டு இருந்தாலோ தூக்கிப் போடுங்கள். அறுவது அந்த இடத்தில்தான். மோதிரத்தையும் வளையலையும் கழற்றச் சொல்ல வேண்டும். கழற்ற முடியாத மோதிரத்தின்மேல் ஒட்டுத்துணி சுற்றிவிடலாம். ரப்பர் கையுறை அணிந்தால் அரிப்பு வருகிறவர்களுக்கு ரப்பர் பால் கலக்காத பட்டை வேண்டும்.

கைகள் முடிந்ததும் கணுக்கால் எடை. எடையைக் கட்டுவது உதவியாளரின் வேலை, முதியவரைக் குனியவிடக்கூடாது. முதுகு முழுவதும் சாய்ந்து, தொடை இருக்கையில் படிந்திருக்க, ஒரு காலை முழங்கால் நேராகும் வரை நீட்டி, நிறுத்தி, இறக்க வேண்டும். முதல் மாதம் பெண்கள் பலர் பாதிவரைதான் தூக்கினார்கள். முழங்கால் வலி என்று நினைத்தேன், காரணம் சேலை. கால் உயர உயர விளிம்பும் உயர்கிறது, எதிர்ச் சுவரில் ஆண்கள் அமர்ந்திருக்கிறார்கள். மடியில் போட்டுக்கொள்ள ஆளுக்கொரு கைலி கொடுத்த அன்று எல்லாக் கால்களும் முழுதாக நீண்டன.

தேய்ந்த முழங்காலில் கொஞ்சம் வலி வருவது இயல்பு. பயிற்சியின்போது வரும் வலி பொறுக்கக்கூடியதாக இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட்டால் தொடரலாம். மறுநாள் கூடினாலோ மூட்டு வீங்கினாலோ எடையைக் குறைத்து, வலிக்காத கோணத்துக்குள் மட்டும் நீட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு காலுக்கும் இரண்டு சுற்று. இறுதியாக, முடிச்சிட்ட பட்டையை முழங்கால்களுக்குச் சற்று மேலே தொடைகளைச் சுற்றி மாட்டி, பாதங்கள் தரையில் இருக்க, முழங்கால்களை அகற்றி மெல்லச் சேர்ப்பது. நடக்கும்போது இடுப்பு ஒருபக்கம் சாயாமல் தாங்கும் தசைக்கு இது. பிறகு ஐந்து நிமிடம் எடையின்றிக் கால்களை அசைத்து, மூச்சை ஆற்றவிட்டு, நாற்காலியைப் பிடித்தபடி எழுந்து மூன்று மூச்சு நின்ற பின்னரே முதல் அடி எடுத்துவைக்க வேண்டும். நடுவில் யாருக்காவது நெஞ்சு அழுத்தமோ, பேச்சுக் குளறலோ வந்தால் வகுப்பை நிறுத்திவிட்டு 999ஐ அழையுங்கள்.

ஒருவருடைய அட்டை

ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை உண்டு. தேதி, எடை, இரண்டு சுற்றின் எண்ணிக்கை, ஏதேனும் குறிப்பு. 78 வயதுடைய, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டிய ஒரு பாட்டியின் அட்டையை அவர் ஒப்புதலோடு இங்கே விளக்குகிறேன்.

முதல் நாள் 30 விநாடிச் சோதனை வைத்தோம்: 43 சென்டிமீட்டர் நாற்காலியில், கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழ முடிகிறது என்பது. 75 முதல் 79 வயதுள்ள பெண்ணுக்கு 10க்குக் கீழ் என்றால் குறைவு. கையூன்றினால் கணக்கு 0. பாட்டிக்கு 0. பஞ்சணை வைத்துக் கையூன்றி நான்கு முறை எழுந்தார்.

கணுக்காலில் ஒரு கிலோ கட்டியபோது "பரவால்ல" என்றார். ஐந்தாவது தடவையிலேயே கால் மெதுவாகிவிட்டது. பட்டையின் எடையைப் பாதியாகக் குறைத்து இரண்டு வாரம் அசைவைப் பழக்கினோம். மூன்றாவது வாரம் ஒரு கிலோவில் எட்டும் ஏழும். நான்காம் வார முடிவில் இரண்டு வகுப்பிலும் பன்னிரண்டைத் தொட்டதால், ஐந்தாவது வாரம் ஒன்றரைக் கிலோ கட்டினேன். அடுத்த வகுப்பில் இடது முழங்கால் வீங்கியிருந்தது. எடைதான் காரணம் என்று முதலில் எண்ணினேன். விசாரித்தால், இடையில் உறவினர் திருமணத்துக்காக ஈப்போவில் நாள் முழுதும் படிக்கட்டு ஏறி இறங்கியிருக்கிறார். இருந்தாலும் வீங்கிய மூட்டுக்குக் காரணம் எதுவானாலும் வைத்தியம் ஒன்றே. இடது காலுக்கு எடையை எடுத்துவிட்டு, வலது காலை மட்டும் தொடர்ந்தோம். ஏழாவது வாரம் காய்ச்சலில் இரண்டு வகுப்பு வரவில்லை.

இடைவெளிக்குப் பிறகு திரும்புகிறவரை விட்ட இடத்திலிருந்து தொடங்கவைப்பதுதான் இத்தகைய குழுக்களில் அடிக்கடி நடக்கும் தவறு. படுக்கையில் கிடந்த ஒரு வாரத்தில் நலிந்தவர் இழப்பது மிக அதிகம். இரண்டு வகுப்பு தவறினால் ஒரு படி கீழே, ஒரு மாதம் தவறினாலோ மருத்துவமனையில் தங்கினாலோ முதல் நாள்போல மறுபடி எடை தேட வேண்டும். பாட்டி எட்டாவது வாரம் இரண்டு காலிலும் ஒரு கிலோவுக்குத் திரும்பினார். "கொறச்சிட்டீங்களே மிஸ்ஸி, நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்டார்.

பத்தாவது வாரம் ஒன்றரைக் கிலோ, எட்டும் எட்டும். பதினோராவது வாரம் பஞ்சணையை எடுத்தோம். கைப்பிடியில் விரல் நுனி மட்டும். பன்னிரண்டாம் வாரம் மறுசோதனை: கைகளைக் கட்டிக்கொண்டு 3. நான்காவது முறை பாதியில் நின்று அமர்ந்துவிட்டார். முப்பது விநாடி முடியும்போது பாதிக்கு மேல் எழுந்திருந்தால் அதையும் ஒன்றாகக் கணக்கிடலாம். அவர் பாதியைத் தாண்டவில்லை என்பதால் அட்டையில் 3 என்றே எழுதினேன். பத்துக்கு இன்னும் வெகுதூரம். ஆனால் வீட்டில் கழிப்பறையிலிருந்து எழ மகளைக் கூப்பிடுவதை அவர் நிறுத்திவிட்டதாக மகளே வந்து சொன்னார். அதையும் குறிப்புக் கட்டத்தில் எழுதி, அடுத்த வரியில் பதின்மூன்றாம் வாரத் தேதியைப் போட்டு, எடைக் கட்டத்தைக் காலியாக விட்டேன். அதை நிரப்ப வேண்டியது அன்றைக்கு அவர் தூக்கும் எட்டாவது தடவையைப் பார்த்த பிறகு.